மாலைமாற்றுச் சோதனையும் பாடத் தூய்மையும்

1.0 முன்னுரை

முன்னிருந்து பின்னாகப் படித்தாலும் பின்னிருந்து முன்னாகப் படித்தாலும் ஒன்றாகவே அமையும் சொல்லையோ தொடரையோ தமிழ் அணியிலக்கணம் மாலைமாற்று என வழங்கும். தண்டியலங்காரம் இதனைச் சொல்லணியியலில் சித்திரகவி வகைகளுள் ஒன்றாக வைத்துள்ளது. மூன்றாம் திருமுறையில் உள்ள சம்பந்தரின் 117ஆம் பதிகம் முழுவதும் இவ்வமைப்பில் இயன்றது. ஆங்கிலம், இலத்தீன், வடமொழி முதலியவற்றிலும் இத்தகைய ஆக்கங்கள் உள்ளன.

தரப்பட்ட ஒரு தொடர் மாலைமாற்றா அன்றா எனக் கணிப்பொறி கொண்டு அறிவது மிக எளிய பணியாகத் தோன்றும். தொடரைத் திருப்பி எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றாயின் ஆம் எனவும் அன்றாயின் அன்று எனவும் கூறினால் போதும். ஆனால் இவ்வாறு எழுதப்பட்ட நிரல், யாவரும் மாலைமாற்று என ஒப்புக்கொள்ளும் தொடர்களையே அன்று என மறுத்துவிடுகிறது. பெரிய எழுத்தும் இடைவெளியும் இதற்குக் காரணம். பாடத்தை முதலில் தூய்மைப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது வழக்கமாகக் கூறப்படும் தீர்வு. அத்தீர்வு ஆங்கிலத்தில் செயற்படும் முறையையும், அதனை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் நேரும் பிழையையும், அப்பிழையை நீக்கும் வழியையும் இக்கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டு நிரல்கள் பைத்தான் மொழியில் தரப்படுகின்றன.

2.0 தூய்மைப்படுத்தாத பாடம்

மிக எளிய நிரல் வருமாறு:

```python
def palin(s):
    return s == s[::-1]
```

இதில் `s[::-1]` என்பது தரப்பட்ட எழுத்துச்சரத்தின் தலைகீழ் வடிவம். இந்நிரலுக்குக் கீழ்க்காணும் நான்கு உள்ளீடுகளைத் தந்தால் கிடைக்கும் விடைகள் இவை:

```
level               True
Level               False
never odd or even   False
Never odd or even   False
```

நான்கும் மாலைமாற்றுகளே. எனினும் முதலாவது மட்டுமே ஏற்கப்பட்டது. இரண்டாவது பெரிய எழுத்தாலும், மூன்றாவது இடைவெளியாலும், நான்காவது இரண்டாலும் மறுக்கப்பட்டன.

படிப்பவர் கண்ணுக்கு பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒரே எழுத்தின் இரு வடிவங்கள். கணிப்பொறிக்கு அவை இரு வேறு குறியெண்கள். `L` என்பதன் குறியெண் 76, `l` என்பதன் குறியெண் 108. அவ்வாறே, படிப்பவர் இடைவெளியை எழுத்தாகக் கொள்வதில்லை. ஆனால் கணிப்பொறிக்கு அது 32 என்னும் குறியெண் பெற்ற ஓர் உறுப்பு. எழுத்துகளைப் போலவே அதுவும் ஓர் இடத்தை நிரப்பும், எண்ணிக்கையில் சேரும். எனவே நிரல் பிழை செய்யவில்லை. கேட்கப்பட்ட வினாவுக்கே அது சரியான விடை தந்தது. ஆய்வாளர் எழுத்துகளைப் பற்றிக் கேட்க எண்ணினார், நிரலோ குறியெண்களைப் பற்றி விடையளித்தது.

2.1 முதல் முரண்பாட்டைக் கண்டறிதல்

ஆம், அன்று என்னும் விடை மட்டும் குறையின் இடத்தைக் காட்டுவதில்லை. நான்காம் உள்ளீட்டில் பெரிய எழுத்தை மட்டும் நீக்கிப் பார்ப்பவர்க்கு மீண்டும் அன்று என்றே விடை வரும். தம் திருத்தம் பயனற்றது என அவர் கருதி அதனைக் கைவிடவும் கூடும். ஆதலின் இரு முனைகளிலிருந்தும் இணை இணையாக ஒப்பிட்டு, முதலில் முரண்படும் இணையைக் காட்டச் செய்வது நலம்.

```python
for i in range(len(s) // 2):
    if s[i] != s[-1-i]:
        print(i + 1, repr(s[i]), repr(s[-1-i]))
        break
```

நான்காம் உள்ளீட்டுக்கு இது முதல் இணையையே காட்டும்: `N`, `n`. தொடர் முழுவதையும் `lower()` கொண்டு சிறிய எழுத்தாக்கிய பின், முதல் நான்கு இணைகளும் பொருந்தி ஐந்தாம் இணையில் `r` எழுத்தும் இடைவெளியும் எதிரெதிர் நிற்பதைக் காட்டும். இடைவெளிகளையும் நீக்கினால் 17 உறுப்புகள் 14 ஆகின்றன, ஏழு இணைகளும் பொருந்துகின்றன. முதல் திருத்தம் வீணாகவில்லை என்பதும், முரண்பாடு முதல் இணையிலிருந்து ஐந்தாம் இணைக்கு நகர்ந்தது என்பதும் இதனால் புலப்படும்.

2.2 குறையை மறைக்கும் எடுத்துக்காட்டு

நிரலைச் சோதிக்க எடுத்துக்கொள்ளும் தொடரும் கருதத்தக்கது. ஆங்கிலத்தில் பலரும் அறிந்த ஒரு தொடர் இது:

```
Able was I ere I saw Elba
```

இதனைச் சிறிய எழுத்தாக மாற்றினாலே போதும், இடைவெளியை நீக்காமலே நிரல் ஆம் என்று கூறிவிடும். இத்தொடரில் சொற்களின் நீளம் இருபுறமும் ஒத்திருப்பதால் ஒவ்வோர் இடைவெளிக்கும் எதிரில் மற்றோர் இடைவெளியே வந்து அமைகிறது. இவ்வொரு தொடரை மட்டும் கொண்டு சோதித்தவர், தம் நிரல் இடைவெளிகளைச் சரியாகக் கையாளுகிறது எனத் தவறாக முடிவு செய்வார். ஆகவே பெரிய எழுத்து மட்டும் உள்ளது, சமச்சீரற்ற இடைவெளி மட்டும் உள்ளது, இரண்டும் உள்ளது எனத் தனித்தனியே உள்ளீடுகள் வேண்டும்.

3.0 வழக்கமான தூய்மை

இடைவெளியை மட்டும் நீக்குவது போதாது என்பதை நிறுத்தக்குறி உள்ள தொடர்கள் காட்டும்.

```
Madam, I'm Adam
```

சிறிய எழுத்தாக்கி இடைவெளியை நீக்கிய பின்னும் இதன் ஆறாம் இணையில் காற்புள்ளியும் மேற்குறியும் எதிரெதிர் நிற்கின்றன. நீக்க வேண்டிய குறிகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டால் பட்டியல் முடிவதில்லை. தட்டச்சுப் பாடங்களில் சாதாரண இடைவெளியோடு, அதே தோற்றமுடைய முறியா இடைவெளி முதலிய வேறு குறிகளும் கலந்திருக்கும். ஆதலால் நீக்க வேண்டியவற்றைக் கூறாது வைத்துக்கொள்ள வேண்டியவற்றைக் கூறுவதே வழக்கம்:

```python
def clean(s):
    return "".join(c for c in s.lower() if c.isalnum())
```

எழுத்தும் எண்ணும் மட்டும் எஞ்சும், பிற யாவும் நீங்கும். ஆங்கிலத் தொடர்களைப் பொறுத்தவரை இதனோடு சிக்கல் தீர்ந்தது எனலாம். பாடநூல்களில் தரப்படும் தீர்வும் பெரும்பாலும் இதுவே.

4.0 தமிழ்ப் பாடத்தில் நேர்வது

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இல்லை. எனவே சிக்கலில் பாதி தமிழுக்கு இல்லை எனவும், இடைவெளியையும் குறிகளையும் நீக்கினால் போதும் எனவும் எண்ணத் தோன்றும். விகடகவி என்னும் சொல்லில் இடைவெளியும் இல்லை, குறியும் இல்லை. எனினும் 2.0இல் கண்ட எளிய நிரல் அதனை மாலைமாற்று அன்று என மறுக்கிறது.

யூனிக்கோடு முறையில் தமிழின் உயிர்மெய் பெரும்பாலும் ஒரே குறியெண் உடையது அன்று. அகரம் ஏறிய மெய்க்கு ஒரு குறியெண்ணும், பிற உயிர்களைக் காட்டும் துணைக்குறிக்கும் புள்ளிக்கும் தனிக் குறியெண்ணும் உண்டு. விகடகவி என்பதில் மரபுப்படி எழுத்து ஐந்து, குறியெண் ஏழு:

```
0BB5 0BBF 0B95 0B9F 0B95 0BB5 0BBF
```

முதலில் நிற்பது வகரம் (0BB5), இறுதியில் நிற்பது இகரத் துணைக்குறி (0BBF). முதல் இணையே முரண்படுகிறது. சரத்தைத் திருப்பும்போது, தனக்குரிய மெய்க்குப் பின் வரவேண்டிய துணைக்குறி அதற்கு முன் வந்து, வேறொரு மெய்யோடு ஒட்டிக்கொள்கிறது.

4.1 தூய்மையால் விளையும் பிழை

இனி, 3.0இல் தரப்பட்ட தூய்மை நிரலைப் பயன்படுத்திய பின் விகடகவியைச் சோதித்தால் ஆம் என்ற விடை வருகிறது. சிக்கல் தீர்ந்தது என மகிழ இடமில்லை. கீழ்வரும் சொற்களுக்கும் அந்நிரல் ஆம் என்றே கூறுகிறது:

```
மாமி     True
தேதி     True
காக்கை   True
```

இவற்றுள் எதுவும் மாலைமாற்று அன்று. `isalnum()` என்னும் சோதனை, யூனிக்கோடு எழுத்து எனவும் எண் எனவும் வகைப்படுத்தியவற்றை மட்டுமே ஏற்கும். தமிழ்த் துணைக்குறிகளும் புள்ளியும் எழுத்து வகையில் சேராமல், எழுத்தோடு சேரும் குறி என்னும் தனிவகையில் அடங்கும். எனவே தூய்மை என்னும் பெயரால் அவை அனைத்தும் நீக்கப்படுகின்றன. தேதி என்பது தத எனவும், மாமி என்பது மம எனவும், காக்கை என்பது ககக எனவும் எஞ்சுகின்றன. விகடகவியும் வகடகவ என்று சிதைந்த பின்னரே தேறியது. விடை சரி, வழி பிழை.

பொதுக் கோவை வடிவமாகிய `\W` கொண்டு நீக்கினும் பைத்தானின் இயல்பான `re` தொகுதியில் இதே விளைவுதான். அதனினும் பெரிய பிழை ஒன்று உண்டு. ஆங்கிலப் பாடத்துக்கு எழுதிய நிரல்களில் பின்வரும் வரி அடிக்கடி காணப்படும்:

```python
s = re.sub("[^a-z]", "", s.lower())
```

இது தமிழ்ப் பாடம் முழுவதையும் நீக்கி வெற்றுச்சரத்தை மட்டும் தரும். வெற்றுச்சரத்தின் தலைகீழும் வெற்றுச்சரமே. ஆகவே எந்தத் தமிழ்த் தொடரைத் தந்தாலும் விடை ஆம்.

இரு வகைப் பிழைகளின் வேறுபாடு இங்குக் கருதத்தக்கது. தூய்மைப்படுத்தாத நிரல் உண்மையான மாலைமாற்றுகளைத் தவறவிடும். தரவகம் ஒன்றில் இத்தொடர்களைத் தேடுவோர்க்கு மிகச் சிலவே கிடைக்கும், அவர் ஐயுற்று நிரலை ஆராய்வார். மிகையாகத் தூய்மைப்படுத்திய நிரல் உண்மையானவற்றைத் தவறவிடுவதில்லை, அவற்றோடு போலிகளையும் சேர்த்துத் தரும். எதிர்பார்த்த விகடகவி பட்டியலில் இருப்பதால் ஐயம் எழுவதில்லை. தேதியும் மாமியும் எண்ணிக்கையில் கலந்துவிடும். அதனால் இரண்டாம் வகைப் பிழையே கண்டறிய அரியது. மாலைமாற்று ஆகாத சொற்களையும், வெற்றுச்சரத்தையும், குறிகள் மட்டுமே உள்ள சரத்தையும் சோதனையில் சேர்ப்பதே அதனைக் கண்டறியும் வழி.

5.0 அலகை முதலில் வரையறுத்தல்

மேற்கண்டவற்றால், தூய்மைக்கு முன் தீர்மானிக்க வேண்டியது ஒன்று உண்டு என்பது பெறப்படும். ஒப்பிடப்படும் அலகு எது என்பதே அது. தமிழ் மாலைமாற்றின் அலகு, மெய்யும் உயிரும் கூடி நின்ற உயிர்மெய்யையும் ஒன்றாக எண்ணும் மரபெழுத்து. அது குறியெண்ணும் அன்று, ஒலியனும் அன்று. விகடகவியை உரோமன் ஒலிபெயர்ப்பில் எழுதினால் இது விளங்கும்:

```
vikatakavi
ivakatakiv
```

இரண்டாவது வரி முதல் வரியின் தலைகீழ். இரண்டும் ஒன்றல்ல. ஆகவே தமிழ்ப் பாடங்களை ஒலிபெயர்ப்பில் வைத்திருக்கும் ஆய்வாளர் அவ்வடிவிலேயே இச்சோதனையைச் செய்தல் கூடாது. மேலும் சில ஒலிபெயர்ப்பு முறைகளில் பெரிய எழுத்து வெறும் அழகு வடிவம் அன்று. லகரத்துக்குச் சிறிய எழுத்தும் ளகரத்துக்குப் பெரிய எழுத்தும் வழங்கும் முறையில் `palli` பல்லியையும் `paLLi` பள்ளியையும் குறிக்கும். `lower()` இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஆங்கிலப் பாடத்தில் தூய்மையாக இருந்த செயல் இங்கு ஒலியன் வேறுபாட்டையே அழிக்கிறது.

5.1 எழுத்தாகப் பிரிக்கும் நிரல்

மரபெழுத்தை அலகாகக் கொள்ளும் நிரல் வருமாறு:

```python
import unicodedata

def letters(s):
    out = []
    for c in unicodedata.normalize("NFC", s).lower():
        k = unicodedata.category(c)[0]
        if k == "L":
            out.append(c)
        elif k == "M" and out:
            out[-1] += c
    return out

def palin(s):
    x = letters(s)
    return len(x) > 0 and x == x[::-1]
```

இந்நிரல் ஒவ்வொரு குறியெண்ணின் வகையையும் நோக்குகிறது. எழுத்து வகையாயின் (`L`) பட்டியலில் புதிய உறுப்பாகச் சேர்க்கிறது. சேர்குறி வகையாயின் (`M`) நீக்காமல் முன்னுள்ள உறுப்போடு இணைக்கிறது. இடைவெளி, நிறுத்தக்குறி, எண் முதலிய பிற யாவற்றையும் விடுகிறது. திருப்பப்படுவது சரம் அன்று, எழுத்துகளின் பட்டியல். எனவே துணைக்குறி தன் மெய்யை விட்டுப் பிரிவதில்லை. பட்டியல் வெறுமையாயின் விடை அன்று என அமையும்.

`normalize` என்னும் படி ஏன் தேவை என்பதைப் பின்வரும் தொடர் காட்டும்: மோரு தருமோ. இதன் முதலெழுத்தும் ஈற்றெழுத்தும் மோ. ஓகாரத் துணைக்குறியை 0BCB என்னும் ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், 0BC7, 0BBE என்னும் இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. இரு வேறு மூலங்களிலிருந்து சேர்த்த பாடத்தில் இரண்டும் கலந்திருந்தால், கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும் இரு எழுத்துகள் ஒப்பீட்டில் முரண்படும். `NFC` வடிவம் இரண்டையும் ஒன்றாக்கும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தைச் சிறிய எழுத்தாக்கும் செயலுக்குத் தமிழில் நேரான செயல் இதுவே எனலாம்.

5.2 ஒரு தொடரின் சோதனை

தேரு வருதே என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். இடைவெளி உட்பட இதன் குறியெண்கள் பத்து. எளிய நிரல் தகரத்தையும் ஏகாரத் துணைக்குறியையும் முதல் இணையாக ஒப்பிட்டு மறுக்கும். இடைவெளியை மட்டும் நீக்கினால் குறியெண் ஒன்பதாகும், முதல் இணையின் முரண்பாடு அப்படியே நிற்கும். எழுத்தாகப் பிரித்தும் இடைவெளியை ஓர் உறுப்பாக வைத்துக்கொண்டால் உறுப்பு ஆறு. அவற்றுள் தே, ரு என்னும் இரு இணைகள் பொருந்தி, மூன்றாம் இணையில் இடைவெளியும் வகரமும் எதிர்நிற்கும். இரண்டையும் செய்தால் மட்டுமே பட்டியல் தே, ரு, வ, ரு, தே என ஐந்தாகி, வகரம் நடுவில் நின்று, விடை ஆம் என வரும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தும் இடைவெளியும் போலத் தமிழில் துணைக்குறியும் இடைவெளியும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படுகின்றன.

6.0 தூய்மையின் எல்லை

இதே தொடரைத் தேர் வருதே எனத் திருத்தி எழுதினால், பட்டியல் தே, ர், வ, ரு, தே என ஆகி, இரண்டாம் இணையில் முரண்படும். பேச்சுவழக்கின் உகர ஈற்றை நீக்கி எழுத்துவழக்காக்குவது பதிப்பாசிரியர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் இயல்பான செயல். ஆனால் இங்கு அது மாலைமாற்றையே அழிக்கிறது. செய்யுளைப் பதம் பிரித்துப் பதிப்பிக்கும்போதும் இவ்வாறே நேரும். புணர்ச்சியைப் பிரிப்பவர் இடைவெளியை மட்டும் சேர்ப்பதில்லை. உடம்படுமெய்யை நீக்குகிறார், திரிந்த மெய்யை மீட்கிறார், கெட்ட உகரத்தைச் சேர்க்கிறார். அத்தகைய பாடத்திலிருந்து இடைவெளியை நீக்கினாலும் மூலத்தின் எழுத்து வரிசை மீள்வதில்லை. ஆகவே மாலைமாற்றுப் பாடல்களைச் சோதிப்போர் சீர் பிரித்த பாடத்தை, அதாவது எழுத்து மாறாமல் இடைவெளி மட்டும் சேர்ந்த பாடத்தைக் கொள்ள வேண்டும்.

இதனால் தூய்மைக்கும் திருத்தத்துக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகிறது. அலகாக எண்ணப்படாதவற்றை நீக்குவதும், ஒரே அலகின் வேறு வடிவங்களை ஒன்றாக்குவதும் தூய்மை. அலகையே மாற்றுவது திருத்தம். முன்னது சோதனைக்கு முன் செய்யத்தக்கது, பின்னது செய்யத்தகாதது.

அலகு எது என்பது சிலவிடங்களில் ஆய்வாளர் முடிவுக்கே உரியது. க்ஷ என்னும் கிரந்த எழுத்தை மேற்கண்ட நிரல் க், ஷ என இரண்டாகவே எண்ணும். அதனை ஓரெழுத்தாகக் கொள்வோர் அதற்கெனத் தனி விதி எழுத வேண்டும். எம்முடிவாயினும் தொடக்கத்திலேயே கூறிவிடுதல் வேண்டும், ஏனெனில் கிடைக்கும் எண்ணிக்கை அதனைப் பொறுத்தது.

தூய்மை செய்த வடிவம் ஒப்பீட்டுக்கு மட்டுமே உரியது. மூலத்தை அழித்து அதன் இடத்தில் அதனை வைத்தல் கூடாது. தேரு வருதே எனக் கண்டெடுத்த தொடர் தேருவருதே எனச் சேமிக்கப்பட்டால், சொற்பிரிப்பைப் பின்னர் மீட்க வழியில்லை. மேலே தந்த நிரலில் `letters` புதிய பட்டியலை ஆக்கித் தருகிறது, உள்ளீட்டை மாற்றுவதில்லை.

7.0 முடிவுரை

பெரிய எழுத்தாலும் இடைவெளியாலும் மாலைமாற்றுச் சோதனை தவறுவது, கணிப்பொறி ஒப்பிடும் அலகும் படிப்பவர் கருதும் அலகும் வேறாக இருப்பதால் நேர்வது. தூய்மைப்படுத்தல் இவ்விரண்டையும் பொருத்தும் செயல். ஆங்கிலத்தின் அலகுக்கு ஏற்ப எழுதிய தூய்மை விதி தமிழின் துணைக்குறிகளை அழுக்கெனக் கருதி நீக்கிவிடுகிறது. தமிழ்ப் பாடத்தில் குறியெண் வடிவங்களை ஒன்றாக்கி, துணைக்குறியை மெய்யோடு சேர்த்து, இடைவெளியையும் நிறுத்தக்குறியையும் விட்டு, எழுத்துப் பட்டியலைத் திருப்பி ஒப்பிடுதல் வேண்டும். அந்நிரல் விகடகவியை ஏற்பதோடு தேதியை மறுக்கவும் வேண்டும். இரண்டையும் செய்யும்போதே அதன் விடையை நம்பலாம்.